இரண்டு கொக்கி, ஒரே மோட்டார்

வீடு கட்டும் இடங்களில் மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை வெளியே நீட்டி, அதில் சின்னதாக ஒரு மின் ஹாய்ஸ்ட்டைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மோட்டார், ஒரு கியர் பெட்டி, கம்பி ரோப் சுற்றிய ஒரு டிரம், கையில் பிடிக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கீழிருந்து செங்கல், மணல், ஜல்லி எல்லாம் இதில்தான் மேலே போகின்றன. அதன் உடம்பில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். சிமெண்ட் படிந்து மங்கிப்போன அந்தத் தகட்டைத் துடைத்துவிட்டுப் படித்தால், பள்ளிக்கூடத்து இயற்பியலில் ஒரு முழுப் பாடமே அதில் இருக்கிறது.

பரவலாக விற்கும் ஒரு வகை ஹாய்ஸ்ட்டின் தகட்டில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ரோப்பை ஒற்றையாகத் தொங்கவிட்டால் 250 கிலோ தூக்கும்; வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டர்; உயரம் 12 மீட்டர். கூடவே தரும் கப்பியை மாட்டி ரோப்பை இரட்டையாகப் போட்டால் 500 கிலோ தூக்கும். வேகம் 5 மீட்டர். உயரம் 6 மீட்டர். மோட்டார் இழுக்கும் மின்சாரம் 1020 வாட் என்று மட்டும் ஒரே ஒரு எண்தான் இருக்கும். அது இரண்டு வரிசைக்கும் பொது.

"ரெட்டை ரோப் போட்டா மோட்டாருக்குப் பலம் ரெண்டு மடங்கு ஆயிடுமா சார்?" என்று கட்டட வேலை இடங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எடை இரண்டு மடங்கு ஆவது கண்ணுக்குத் தெரிகிறதே! பதிலைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 250 கிலோவை மேலே கொண்டுபோக, ரோப் எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும்? 250 கிலோவை விடக் கொஞ்சமாவது அதிகமாக இழுத்தால்தானே மேலே போகும் என்று பெரும்பாலோர் நினைப்போம். கிளம்பும் கணத்துக்கு மட்டும்தான் அது சரி. நின்றுகொண்டிருக்கும் சுமை வேகம் எடுப்பதற்குள் ரோப்பில் கூடுதல் இழுவிசை தேவைப்படும். நிமிடத்துக்கு 10 மீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான். இந்த வேகத்தை ஐந்தில் ஒரு நொடிக்குள் எட்டினால், அந்த நேரத்தில் ரோப்பில் சுமார் 21 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை கூடுதலாக இருக்கும். வேகம் நிலைத்துவிட்ட பிறகு கூடுதல் எதுவும் கிடையாது. ரோப்பின் இழுவிசை சுமையின் எடைக்குச் சரியாகச் சமம். ஒரு துளி கூட இருந்தால் சுமை வேகம் கூடிக்கொண்டே போகும், குறைந்தால் வேகம் தணிந்துகொண்டே வரும். ஒரே சீரான வேகத்தில் ஏறுகிறது என்றாலே இரண்டும் சமம் என்றுதான் பொருள். மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும், வேகம் சீராக இருக்கும்வரை ரோப்பில் உள்ள விசை ஒன்றேதான்.

அப்படியானால் வேகமாகத் தூக்குவதற்கும் மெதுவாகத் தூக்குவதற்கும் என்ன வேறுபாடு? அங்கேதான் திறன் வருகிறது. ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதே திறன். சீரான வேகத்தில் தூக்கும்போது அதைக் கணக்கிடுவது எளிது: எடையை வேகத்தால் பெருக்கினால் போதும். 250 கிலோவின் எடை 250 பெருக்கல் 9.8, அதாவது 2450 நியூட்டன். வேகம் நொடிக்கு ஆறில் ஒரு மீட்டர். பெருக்கினால் 408 வாட். சுமைக்கு உண்மையில் போய்ச் சேரும் திறன் இது.

இப்போது இரட்டை ரோப்புக்கு வருவோம். எடை இரண்டு மடங்கு, 4900 நியூட்டன். வேகம் பாதி, நொடிக்குப் பன்னிரண்டில் ஒரு மீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 408 வாட். மோட்டாருக்குப் பலம் துளியும் கூடவில்லை. கப்பி விசையை இரட்டிப்பாக்கி, அதற்கு ஈடாக வேகத்தைப் பாதியாக்கிவிட்டது. டிரம்மில் சுற்றியிருக்கும் ரோப்பின் நீளமும் மாறவில்லை என்பதால், எட்டும் உயரமும் 12 மீட்டரிலிருந்து 6 ஆகிவிட்டது. நெம்புகோல், சாய்தளம், திருகு என்று எளிய இயந்திரம் எதை எடுத்தாலும் கணக்கு இதுதான். விசையில் கிடைக்கும் லாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

வாட் என்பதைவிட எச்.பி. என்றால்தான் நம் ஊரில் பலருக்கும் பிடிபடும். கிணற்று மோட்டாரை எல்லாம் அப்படித்தான் சொல்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் நீராவி இயந்திரத்தை விற்க முயன்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட், அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்ல ஓர் அளவு வேண்டும் என்று வகுத்த கணக்கு அது. 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். நம் அளவில் சொன்னால் 76 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தூக்குவது, அதாவது 746 வாட். அந்த அளவிலும் சுமை தூக்குவதுதான் அடிப்படை என்பதைக் கவனியுங்கள். நம் ஹாய்ஸ்ட் சுமைக்குத் தரும் 408 வாட், அரை எச்.பி.யைவிடச் சற்றே அதிகம்.

ஆனால் மோட்டார் இழுப்பது 1020 வாட் என்று தகடு சொல்கிறதே? 408ஐ 1020ஆல் வகுத்தால் 0.4. நூற்றுக்கு நாற்பது. இதுதான் இந்த இயந்திரத்தின் பயனுறுதிறன். உள்ளே போகும் ஒவ்வொரு நூறு ஜூலில் நாற்பதுதான் செங்கல்லை உயர்த்துகிறது. மிச்சம் அறுபதும் வெப்பமாகிறது. பெரும்பகுதி மோட்டாருக்குள்ளேயே போய்விடும். இவ்வளவு சிறிய ஒற்றை ஃபேஸ் மோட்டார்களின் பயனுறுதிறன் பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதன் செம்புச் சுற்று சூடாகிறது, இரும்பு மையம் சூடாகிறது, குளிர்விக்கும் விசிறி கொஞ்சம் தின்கிறது. அதைத் தாண்டி வந்த திறனில் கியர் பற்கள் ஒரு பங்கையும், பேரிங்குகள் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கின்றன. டிரம்மில் வளைந்து நிமிரும் கம்பி ரோப்பில்கூட இழைக்கு இழை உரசிக் கொஞ்சம் வீணாகிறது.

இந்த 40 சதவீதமும் முழுச் சுமைக்கு மட்டுமே. நடைமுறையில் யாரும் ஒவ்வொரு தடவையும் 250 கிலோ ஏற்றுவதில்லை. உண்மையில் என்ன நடக்கிறது என்று அளக்க மின் மீட்டரே போதும். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்பதால், ஒவ்வொரு சிமிட்டலும் 1125 ஜூல். கட்டடத்தில் வேறு எதுவும் ஓடாமல் நிறுத்திவிட்டு, ஹாய்ஸ்ட்டை மட்டும் இயக்கி எண்ண வேண்டும். ஏறும் நேரத்தையும் கைபேசியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, ஒன்று மூன்று கிலோ எடையுள்ள நாற்பது செங்கல்லை ஒற்றை ரோப்பில் 9 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவோம். சுமை 120 கிலோ. ஏற 54 நொடி ஆகிறது. அதற்குள் விளக்கு 32 தடவை சிமிட்டியது என்று வைத்துக்கொள்வோம். செங்கல்லுக்குச் செய்த வேலை 120, 9.8, 9 மூன்றையும் பெருக்கினால் 10,584 ஜூல். மீட்டர் வழியாக வந்தது 32 பெருக்கல் 1125, அதாவது 36,000 ஜூல். வகுத்தால் 29 சதவீதம். மோட்டார் சராசரியாக 667 வாட் இழுத்திருக்கிறது, அதில் செங்கல்லுக்குப் போனது 196 வாட். பாதிச் சுமைக்குப் பாதி மின்சாரம் என்று எதிர்பார்த்தால் அது நடக்காது.

காரணம், சுமையே இல்லாவிட்டாலும் இயந்திரம் தன்னை ஓட்டிக்கொள்ள ஒரு செலவு இருக்கிறது. வெறும் கொக்கியை ஏற்றினாலும் மோட்டாரின் இரும்பு சூடாகத்தான் செய்யும், விசிறி சுற்றத்தான் செய்யும், கியர் எண்ணெயைக் கலக்கத்தான் வேண்டும். இதை மோட்டார் இல்லாமலேயே கையால் உணரலாம். ஒரு முனையை உத்தரத்தில் கட்டி, அசையும் கப்பி ஒன்றைப் போட்டுச் சுமையைத் தூக்கிப் பாருங்கள். கப்பியின் எடை 2 கிலோ. 40 கிலோ சுமைக்கு உராய்வே இல்லாவிட்டால் 21 கிலோ இழுத்தால் போதும். உண்மையில் 24 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். சுமை ஒரு மீட்டர் ஏற, கை இரண்டு மீட்டர் ரோப்பை இழுத்தாக வேண்டும். ஆகவே பயனுறுதிறன் 40ஐ 48ஆல் வகுத்தால் வரும் 83 சதவீதம். அதே கப்பியில் 10 கிலோவைத் தூக்கினால் 7 கிலோ இழுக்க வேண்டும். பயனுறுதிறன் 71 சதவீதம். வெறும் 2 கிலோ என்றால் 2.3 கிலோ இழுக்க வேண்டிவரும்! சுமையைவிட அதிக விசை. பயனுறுதிறன் 43 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கப்பியின் சொந்த எடையும் அச்சின் உராய்வும் சின்னச் சுமையில் பெரிதாகத் தெரிகின்றன, பெரிய சுமையில் கரைந்துபோகின்றன. ஒரு இயந்திரத்தின் பயனுறுதிறன் இவ்வளவு என்று சொல்பவர் எந்தச் சுமையில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

இதைச் சொல்லும்போது, செங்கல்லைத் தலையில் சுமந்து படியேறும் சித்தாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் 30 கிலோ செங்கல்லைச் சுமந்து 9 மீட்டர் ஏறுகிறார். ஏறுவது 85 கிலோ. அதில் கட்டடத்துக்குப் பயன்படுவது 30 கிலோ மட்டுமே. ஒரு நிமிடத்தில் ஏறினால் அவர் கால்கள் தரும் திறன் 125 வாட், செங்கல்லுக்குப் போவது 44 வாட். பிறகு வெறுங்கையோடு இறங்கி மறுபடி தன் உடம்பையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நாள் முழுக்க இப்படி ஏறி இறங்குவது எவ்வளவு கொடுமையான உழைப்பு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பயனுறுதிறன் 29 சதவீதமே என்றாலும் ஹாய்ஸ்ட் வந்தது நல்லது.

அந்த 29 சதவீதத்தால் மின் கட்டணம் எகிறுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு தடவை ஏற்ற 36,000 ஜூல் என்றால், நூறு தடவை ஏற்றினால்தான் ஒரு யூனிட் ஆகும். இந்த இயந்திரத்தில் வீணாகும் திறனின் விலை பில்லில் தெரியாது. அது மோட்டாரின் ஆயுளில்தான் தெரியும். அதே தகட்டின் மூலையில் எஸ்3 என்ற குறியும், 20 சதவீதம், 10 நிமிடம் என்ற எண்களும் இருக்கும். யாரும் கவனிக்காத வரி அது. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓட்டலாம், எட்டு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள்.

ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முழுச் சுமையில் 1020இல் 408 போக மிச்சம் 612 வாட் வெப்பம். இரண்டு நிமிடத்தில் அது 73,000 ஜூலைத் தாண்டும். ஹாய்ஸ்ட்டின் எடை ஏறத்தாழ 17 கிலோ, பெரும்பகுதி இரும்பு. அவ்வளவு வெப்பம் அந்த இரும்பு முழுக்கப் பரவினால், வெப்பநிலை 9 டிகிரி ஏறும். எட்டு நிமிட ஓய்வில் அது காற்றில் இறங்கிவிடும். பத்து நிமிடமும் நிறுத்தாமல் ஓட்டினாலோ 45 டிகிரி. சித்திரை வெயிலில் ஏற்கனவே 40 டிகிரியில் இருக்கும் உடம்பு 85ஐத் தொடும். இதெல்லாம் சராசரி. வெப்பம் பிறக்கும் செம்புச் சுற்று அதைவிட வெகு சூடாக இருக்கும். அதன் மேல் பூசிய வார்னிஷ் பொரிய ஆரம்பித்தால் ஒரு வாடை வரும். அந்த வாடை வரும்போது சேதம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்பே தெரியும் ஓர் அறிகுறி உண்டு, வேகம். இந்த வகை மோட்டார் சுமை கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒரு சில சதவீதம் மட்டுமே மாறும். அதனால் 9 மீட்டர் ஏற வழக்கமாக 54 நொடி எடுத்தது, ஒரு நாள் 65 நொடி எடுத்தால் ஏதோ கோளாறு. பெரும்பாலும் காரணம் மின்னழுத்தம். தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய வயரை நீளமாக இழுத்து வந்து இணைத்திருப்பார்கள். முனையில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 180 வோல்ட்தான் வந்து சேரும். அழுத்தம் 78 சதவீதமாகக் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசையும் 78 சதவீதமாகக் குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மோட்டார் திணறும், அதிக மின்னோட்டம் இழுக்கும், வேகம் தணியும். கிளம்பவே முடியாமல் முனகிக்கொண்டு நின்றால் உடனே சுவிட்சை விட்டுவிட வேண்டும். அந்த நிலையில் பயனுறுதிறன் பூஜ்ஜியம். உள்ளே வரும் திறன் மொத்தமும் வெப்பமாகிச் செம்பில்தான் இறங்கும்.

பயனுறுதிறன் குறைந்தாலே கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உராய்வில் போகும் அந்த வீணான பங்கையே நம்பி நிற்கும் இயந்திரமும் உண்டு. சாலை உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட இடங்களில், வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை சென்னையில் நடக்கிறது. சுவருக்கு அடியில் வரிசையாகத் திருகு ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள்.

அந்த ஜாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குத் திருகு 6 மில்லிமீட்டர் உயரும். திருகும் கம்பியின் நீளம் 50 சென்டிமீட்டர். மேலே உட்காரும் எடை 2 டன். ஒரு முழுச் சுற்றில் கை போகும் தூரம் 3 மீட்டருக்கும் அதிகம். அதாவது சுமை நகர்வதைப் போல 520 மடங்குக்கும் மேல். உராய்வே இல்லை என்றால் 4 கிலோவுக்கும் குறைவான விசையில் 2 டன் உயர வேண்டும். ஆனால் ஜாக்கியின் பயனுறுதிறன் 25 சதவீதம் என்று வைத்தால் 15 கிலோ தள்ள வேண்டும். பத்து நொடிக்கு ஒரு சுற்று என்றால் வீட்டுக்குப் போய்ச் சேரும் திறன் 12 வாட் மட்டுமே, ஒரு எல்இடி பல்பு எரியும் அளவு. 2 டன்னைத் தூக்குவதற்கு!

மிச்சம் முக்கால் பங்கும் மரைகளின் உராய்வில் போகிறது. அதைக் குறைத்தால் வேலை எளிதாகுமே என்று தோன்றும். ஆனால் கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகு என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2 டன் எடை திருகைப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். கீழே இறங்கும்போது எடை தரக்கூடியது, ஏற்றும்போது நாம் அதற்குக் கொடுத்த அந்தப் பயனுள்ள வேலையை மட்டும்தான். இறங்க வேண்டுமானால் உராய்வின் செலவையும் அதிலிருந்தே கட்டியாக வேண்டும். உராய்வின் செலவு பயனுள்ள வேலையைவிட அதிகமாக இருந்தால், எடையால் கட்ட முடியாது. திருகு அசையாமல் நின்றுவிடும். அதாவது பயனுறுதிறன் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் திருகு தானாக இறங்காது. அடியில் செங்கல் கட்டி முடிக்கும்வரை வீட்டை ஜாக்கிகள் தாங்கி நிற்பது இந்த உராய்வினால்தான்.

ஹாய்ஸ்ட்டுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதன் கியர்கள் நன்றாக வழுக்கி ஓடும்படி செய்தவை. சுமையே அவற்றைப் பின்னோக்கிச் சுற்றிவிடும். அதனால்தான் மின்சாரம் நின்ற உடனே ஸ்பிரிங் விசையில் பிடித்துக்கொள்ளும் பிரேக் ஒன்றை மோட்டாரின் அச்சிலேயே வைத்திருக்கிறார்கள். சுவிட்சை விட்டதும் சுமை சட்டென்று நிற்க வேண்டும். நின்ற பிறகு சில அங்குலம் நழுவுகிறது, நாளாக நாளாக அந்த நழுவல் கூடுகிறது என்றால் பிரேக் தேய்ந்துவிட்டது. அன்றே வேலையை நிறுத்திவிட்டுச் சரிசெய்ய வேண்டும். சரியாக இருந்தாலும், தூக்கிய சுமைக்கு அடியில் யாரும் நிற்கவே கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரங்களில் "500 கிலோ, 12 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம்" என்று ஒரே வரியில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையிலும் பெரிய எண்ணாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தது அது. 500 கிலோவை அந்த வேகத்தில் தூக்க 817 வாட் வேண்டும். 1020 வாட் இழுக்கும் இயந்திரம் அதைத் தர வேண்டுமென்றால் பயனுறுதிறன் 80 சதவீதம் இருந்தாக வேண்டும். இந்த அளவு ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் அது கிடைக்காது. ஆகவே கடையில் பணம் கொடுப்பதற்கு முன், கிலோவையும் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதையும் பெருக்கி, ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ வாட் கணக்கு வந்துவிடும். அது தகட்டில் உள்ள மின்சார வாட்டில் பாதியைத் தாண்டினால், எந்த வரிசையின் எண்ணைச் சொல்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.